தற்காலிகப் பதிவு முடிந்த கார்: காப்புறுதி ஓராண்டு இருந்தும் பணம் கிடைக்குமா?

"ஐயா, நாங்கள் ஹட்டன். 1970களில் இந்தியாவுக்குப் போன சித்தியின் குடும்பம் நீலகிரி கூடலூரில் இருக்கிறது. சித்தி மகன், எனக்குத் தம்பி முறை, மைசூரில் புதுக் கார் வாங்கி ஊருக்கு ஓட்டி வந்தான். அதற்குக் கொடுத்த தற்காலிகப் பதிவு முடிந்து மூன்று வாரமாகிறது, நிரந்தர இலக்கம் இன்னும் வரவில்லை. 'காப்புறுதி ஓராண்டுக்குக் கட்டியிருக்கிறேன், பொலிஸ் பிடித்தால் தண்டம் கட்டிவிடலாம், வேறொன்றும் இல்லை' என்கிறான். பிள்ளைகளின் விடுமுறைக்கு நாங்கள் திருச்சி வழியாகப் போகிறோம். அந்தக் காரிலேயே விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப் போகிறேன் என்கிறான். போகலாமா? அவன் சொல்வது சரிதானா?"

போக வேண்டாம். தம்பி சொல்வதில் காப்புறுதி ஓராண்டுக்கு இருக்கிறது என்பது மட்டும்தான் சரி. அந்தக் காப்புறுதி இன்றைய நிலையில் கார் திருட்டுப் போனாலோ மோதி நொறுங்கினாலோ பணம் தரும் என்று அவர் நம்புவது தவறு. இந்திய உச்ச நீதிமன்றம் இதே மாதிரி இரண்டு வழக்குகளில் உரிமையாளருக்கு ஒரு ரூபாயும் கிடையாது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தண்டப் பணத்தை விட இதுதான் பெரிய ஆபத்து. கோயம்புத்தூரில் வாகனக் காப்புறுதி இழப்பீட்டுப் பிரிவில் வேலை செய்த காலத்தில் இந்த நம்பிக்கையோடு வந்து வெறுங்கையோடு திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். தம்பிக்கு வாசித்துக் காட்டுங்கள்.

இந்தக் குழப்பம் நம் பக்கத்து ஆட்களுக்கு ஏன் வருகிறது என்று எனக்குத் தெரியும். இலங்கையில் வாகனம் வைத்திருப்பவருக்கு ஆண்டுதோறும் திகதி முடிகிற கடதாசி என்றால் அது வருமான உத்தரவுப் பத்திரம். அது தவறிவிட்டால் பிரதேச செயலகத்துக்குப் போய், தண்டத்தோடு பணம் கட்டிப் புதுப்பித்துவிடுகிறோம். வாகனத்தின் பதிவுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. பதிவுச் சான்றிதழ் வீட்டு அலுமாரியில் அப்படியே இருக்கிறது. இந்தியாவின் தற்காலிகப் பதிவையும் அதேபோல் ஒரு கட்டணக் கடதாசி என்று நினைத்துவிடுகிறோம். அது அப்படிப்பட்டது அல்ல. நிரந்தர இலக்கம் கிடைக்கும் வரை அந்தக் காருக்கு இருக்கிற ஒரே பதிவு அதுதான். அது முடிந்த நாளின் மறுநாள் காலையில் அந்தக் கார் பதிவே இல்லாத கார். சட்டத்தின் கண்ணில், தொழிற்சாலையிலிருந்து இறக்கிய கையோடு எந்த அலுவலகத்துக்கும் காட்டாமல் தெருவில் ஓட்டுகிற காருக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை.

இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டம் 1988ஆம் ஆண்டினது. அதன் 39ஆம் பிரிவு, பதிவு இல்லாத வாகனத்தைப் பொது இடத்தில் யாரும் ஓட்டக் கூடாது, உரிமையாளர் ஓட்ட விடவும் கூடாது என்கிறது. 43ஆம் பிரிவுதான் தற்காலிகப் பதிவுக்கு இடம் தருகிறது. முன்பு அது ஒரு மாதத்துக்கு மேல் செல்லாது, புதுப்பிக்கவும் முடியாது. அடிச்சட்டமாக வாங்கிய லொறிக்கு உடல் கட்டும் வேலை பட்டறையில் நீண்டுபோனாலோ, உரிமையாளரின் கையை மீறிய எதிர்பாராத காரணம் இருந்தாலோ மட்டும் கட்டணம் கட்டி நீடிப்புக் கேட்கலாம் என்று இருந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இந்தப் பிரிவு மாற்றி எழுதப்பட்டது. அதன் கீழ் வந்த மத்திய விதிகள் பொதுவாக ஆறு மாதம் தருகின்றன. மாநிலத்துக்குள் தற்காலிகமாக ஓடும் வாகனத்துக்கு மாநில அரசு ஒரு மாதப் பதிவு தருவதற்கும் அந்தப் பிரிவில் இடம் இருக்கிறது. ஆகவே 'பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆறு மாதம் கொடுத்தார்களே' என்று கணக்குப் போடக் கூடாது. தம்பியின் கையிலுள்ள தற்காலிகப் பதிவுச் சான்றிதழில் எந்தத் திகதி அச்சாகியிருக்கிறதோ அதுதான் அவருடைய கடைசி நாள்.

தம்பியின் காருக்கு இந்தக் கடதாசி ஏன் தேவைப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொறுப்பு யாருடையது என்பது அதில்தான் இருக்கிறது. 2019 திருத்தத்தின்படி, விற்பவரும் பதிவு செய்யும் இடமும் ஒரே மாநிலத்தில் இருந்தால் புது வாகனத்தின் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் விற்பனையாளர். பதிவு இலக்கம் வாகனத்தில் பொருத்தப்படும் வரை வாங்கியவரிடம் அதை ஒப்படைக்கவே கூடாது. தம்பி கோயம்புத்தூரிலோ ஊட்டியிலோ வாங்கியிருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது. இலக்கத் தகடு மாட்டிய காரைத்தான் கையில் கொடுத்திருப்பார்கள். மைசூர் கர்நாடகத்தில் இருக்கிறது, கூடலூர் தமிழ்நாட்டில். கூடலூர்க்காரருக்கு மைசூர் பக்கம், அதனால் அங்கே போய் வாங்குவது இயல்பு. ஆனால் மாநில எல்லையைத் தாண்டியதும் விண்ணப்பிக்கும் கடமை விற்பனையாளரின் தலையிலிருந்து இறங்கித் தம்பியின் தலையில் ஏறிவிடுகிறது. விற்பனையாளர் தற்காலிகப் பதிவு எடுத்துக் கொடுத்ததோடு அவருடைய வேலை முடிந்தது. 'கடையில் பார்த்துக்கொள்வார்கள்' என்று தம்பி காத்திருந்தால், அவருக்காக எவரும் எதையும் செய்துகொண்டிருக்கவில்லை.

இனி அந்த இரண்டு வழக்குகள்.

முதலாவது, நரிந்தர் சிங் எதிர் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ், 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அவர் ஒரு பிக்கப் வாகனம் வாங்கினார். காப்புறுதி 2005 டிசம்பர் 12 முதல் 2006 டிசம்பர் 11 வரை, அதாவது முழுதாக ஓராண்டு. தற்காலிகப் பதிவு 2006 ஜனவரி 11 உடன் முடிந்தது. பெப்ரவரி 2ஆம் திகதி வாகனம் விபத்துக்குள்ளாகிப் பெரும் சேதம். காப்புறுதி உயிரோடு இருந்தது, பிரீமியம் கட்டியாகிவிட்டது, தற்காலிகப் பதிவு முடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. உங்கள் தம்பியின் காருக்கு இன்றைக்கு ஆகியிருக்கிற அதே மூன்று வாரம். நிறுவனம் பணம் தர மறுத்தது. பதிவு இல்லாத வாகனத்தைப் பொது வீதியில் ஓட்டியது சட்ட மீறல் மட்டுமல்ல, காப்புறுதி ஒப்பந்தத்தின் அடிப்படை நிபந்தனையையே மீறியது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது.

இரண்டாவது வழக்கு எனக்கு இன்னும் முக்கியம். யுனைட்டெட் இந்தியா இன்ஷூரன்ஸ் எதிர் சுஷில் குமார் கோதாரா, 2021 செப்டம்பர் 30ஆம் திகதித் தீர்ப்பு. ராஜஸ்தானைச் சேர்ந்த அவர் பஞ்சாபில் புது பொலேரோ வாங்கினார். கவனியுங்கள், இங்கேயும் பக்கத்து மாநிலத்தில் வாங்கியதுதான். காப்புறுதித் தொகை 6,17,800 ரூபாய். தற்காலிகப் பதிவு 2011 ஜூலை 19இல் முடிந்தது. ஜூலை 28 இரவு ஜோத்பூரில் ஒரு விருந்தினர் விடுதிக்கு வெளியே நிறுத்தியிருந்த வாகனத்தைக் காலையில் காணவில்லை. இடையில் ஒன்பது நாள்தான். நுகர்வோர் வழக்கில் தேசிய ஆணையத்தில் அவருக்குச் சாதகமாகவே வந்தது. நிறுவனம் உச்ச நீதிமன்றம் போனது; அங்கே எல்லாம் புரட்டப்பட்டது.

இந்த இடத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. நின்ற வாகனம்தானே திருட்டுப் போனது, பதிவு இல்லாததற்கும் திருடன் வந்ததற்கும் என்ன தொடர்பு? நியாயமான கேள்விதான். நீதிமன்றம் அதற்குச் சொன்ன பதில் இது: வாகனம் ஜோத்பூர் விடுதி வாசலில் முளைக்கவில்லை; பதிவு இல்லாத நிலையில் உரிமையாளர் தன் ஊரிலிருந்து அவ்வளவு தூரம் அதை ஓட்டி வந்திருக்கிறார். இழப்பு நேர்ந்த நாளில் ஒப்பந்தத்தின் அடிப்படை மீறல் எதுவும் இருக்கக் கூடாது, இருந்தது. ஆகவே இழப்பீடு இல்லை. பதிவு இல்லாததால்தான் விபத்து நடந்தது, அதனால்தான் திருட்டு நடந்தது என்று நிறுவனம் நிரூபிக்கத் தேவையே இல்லை என்பது இதன் பொருள்.

இப்போது உங்கள் பயணத்தை இதன் மேல் வைத்துப் பாருங்கள். தம்பி கூடலூரிலிருந்து ஊட்டி, குன்னூர், மேட்டுப்பாளையம் இறங்கி, கோயம்புத்தூர் வழியாகத் திருச்சிக்கு வருகிறார். இரவு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் தங்கி, வாசலில் காரை நிறுத்துகிறார். கோதாரா வழக்கில் இருந்த ஒவ்வொரு அம்சமும் இதில் இருக்கிறது: பக்கத்து மாநிலத்தில் வாங்கிய புதுக் கார், முடிந்துபோன தற்காலிகப் பதிவு, உயிரோடிருக்கும் காப்புறுதி, ஊருக்கு வெளியே நீண்ட பயணம், விடுதி வாசல். திருடன் வராமல் இருக்கலாம். மலைப்பாதையில் எதிரே வருகிற லொறியும் ஒதுங்கிப் போகலாம். ஆனால் ஏதாவது நடந்தால் காரின் முழு விலையும் தம்பியின் சொந்தப் பையிலிருந்துதான் போகும். வங்கிக் கடனில் வாங்கியிருந்தால், இல்லாத காருக்கு மாதத் தவணை மட்டும் தொடரும்.

இரண்டு தீர்ப்புகளிலும் நீதிமன்றம் சொன்ன இன்னொரு வாசகத்தை நான் எப்போதும் எடுத்துக்காட்டுவேன். உரிமையாளர் நிரந்தரப் பதிவுக்கு விண்ணப்பித்ததாகவோ, தற்காலிகப் பதிவை நீடிக்கக் கேட்டதாகவோ எந்த ஆவணமும் முன்வைக்கப்படவில்லை என்று நரிந்தர் சிங் வழக்கில் குறிப்பிட்டார்கள். கோதாரா வழக்கிலும், அவர் விண்ணப்பித்திருந்தார் என்றோ பதிவுக்காகக் காத்திருந்தார் என்றோ காட்ட ஒன்றும் இல்லை என்றார்கள். விண்ணப்பம் போட்டுவிட்டால் காரை ஓட்டலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. 39ஆம் பிரிவு விண்ணப்பத்தைக் கேட்கவில்லை, பதிவைக் கேட்கிறது. ஆனால் நாளைக்கு ஒரு தகராறு வந்தால், கடைசித் திகதிக்கு முன்பே விண்ணப்பம் போட்டு, தாமதம் அலுவலகத்தின் பக்கம்தான் என்று காட்டக்கூடிய ஒருவரின் நிலையும், கையைக் கட்டிக்கொண்டு இருந்தவரின் நிலையும் ஒன்றல்ல. அந்த இரண்டு பேருக்கும் அந்த ஒரு தாள் கூட இல்லை. ஆகவே தம்பியிடம் முதலில் கேட்க வேண்டியது: விண்ணப்ப எண் இருக்கிறதா? பணம் கட்டிய ரசீதில் என்ன திகதி? இவை parivahan.gov.in தளத்தில் அவருடைய விண்ணப்பத்தின் கீழ் இருக்கும். போன் எண் சரியாகக் கொடுத்திருந்தால் குறுஞ்செய்தியாகவும் வந்திருக்கும். 'முகவரிடம் கொடுத்திருக்கிறேன், அவர் பார்க்கிறார்' என்ற பதில் விண்ணப்ப எண் ஆகாது. முகவரின் மேசை இழுப்பறையில் கிடக்கிற கோப்பு எந்த அலுவலகத்துக்கும் போகாமலேயே கிடக்கலாம்.

விதிப்படி வாகனத்தைக் கையேற்ற ஏழு நாளுக்குள், ஊருக்கு ஓட்டி வந்த நாள்களைக் கழித்துவிட்டு, படிவம் 20இல் விண்ணப்பிக்க வேண்டும். அதோடு விற்பனையாளரின் விற்பனைச் சான்றிதழ், அதாவது படிவம் 21, தயாரிப்பாளரின் தகுதிச் சான்றிதழ், படிவம் 22, காப்புறுதிப் பத்திரம், தற்காலிகப் பதிவு, முகவரிச் சான்று, தமிழ்நாட்டில் கட்ட வேண்டிய ஆயுள் கால வரி. கடன் இருந்தால் படிவம் 20இல் வங்கியின் கையொப்பமும் வேண்டும். இவ்வளவுதான் கடதாசி. ஆனாலும் தாமதமாகிறது, ஏனென்று பார்த்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று இடங்களிலேயே சிக்கும்.

ஒன்று, எண்கள் பொருந்தாமை. அடிச்சட்ட எண் பதினேழு எழுத்தும் இலக்கமும் கொண்டது. விற்பனைச் சான்றிதழில் யாரோ அவசரத்தில் ஒரு 8ஐ B என்று தட்டியிருப்பார்கள். கணினி அதை ஏற்காது; அலுவலகத்தில் கோப்பை ஒதுக்கி வைத்துவிடுவார்கள்; தம்பிக்கு எவரும் சொல்லவும் மாட்டார்கள். இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். காரில் அடிச்சட்ட எண் பொறித்த இடத்தில் ஒரு மெல்லிய தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எண் தாளில் எழும்பி வரும். அந்தத் தாளைப் படிவம் 21, படிவம் 22, காப்புறுதிப் பத்திரம், தற்காலிகப் பதிவு ஆகிய நான்கின் பக்கத்திலும் வைத்து, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் எண்ணையும் அப்படியே. எங்கே பிழை இருக்கிறதோ அந்தத் தாளைத் திருத்தித் தர வேண்டியவர் அதை வெளியிட்டவர். படிவம் 21 என்றால் மைசூர் விற்பனையாளர், காப்புறுதி என்றால் நிறுவனம். புதுக் காரின் காப்புறுதிப் பத்திரத்தில் பதிவு எண் இருக்க வேண்டிய இடத்தில் 'புதியது' என்ற பொருளில்தான் அச்சாகியிருக்கும். காரை அடையாளம் காட்டுவது அடிச்சட்ட எண்ணும் எஞ்சின் எண்ணும் மட்டுமே. ஆகவே இந்தப் பிழை பதிவுக்கும் தடை, இழப்பீட்டுக்கும் தடை.

இன்னொன்று முகவரி. நம்மிலிருந்து போன குடும்பங்களில் இது அடிக்கடி வரும். தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தின் குடியிருப்பில் ஒரு முகவரி, ஆதாரில் கோயம்புத்தூரில் வேலைக்குப் போன காலத்து முகவரி, வங்கிக் கணக்கில் மற்றொன்று. 'கூடலூர் முகவரி வந்த பிறகு போடலாம்' என்று ஆதாரைத் திருத்தக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அந்த இடைவெளியில் தற்காலிகப் பதிவு முடிந்துவிடும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமையாளர் வசிக்கும் மாநிலத்திலுள்ள எந்தப் பதிவு அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம் என்று 40ஆம் பிரிவு இடம் தருகிறது. கையிலிருக்கும் செல்லுபடியான தமிழ்நாட்டு முகவரியைக் கொண்டு பதிவை முடித்துவிட்டு, முகவரி மாற்றத்தைப் பிறகு செய்வதே நல்லது. இலக்கம் கூடலூருடையதாக இல்லாமல் கோயம்புத்தூருடையதாக இருந்தால் கார் ஓடாமல் போய்விடாது.

மூன்றாவது, ஆசைப்பட்ட இலக்கத்துக்காகக் காத்திருப்பது. கூட்டினால் ஒன்பது வர வேண்டும், பிள்ளையின் பிறந்த நாள் வர வேண்டும் என்று புது வரிசை தொடங்கும் வரை பொறுத்திருப்பவர்கள் உண்டு. தற்காலிகப் பதிவில் நாள் இருந்தால் தாராளமாகக் காத்திருக்கலாம். முடிந்த பிறகு காத்திருப்பது ஒவ்வொரு நாளும் காரின் விலையைப் பணயம் வைப்பது.

இன்றைக்குத் தம்பி செய்ய வேண்டியது: காரை வீட்டு வளவுக்குள் ஏற்றி நிறுத்த வேண்டும், தெருவோரத்தில் அல்ல. சாவியை மற்றவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. கடைக்குத்தானே, கோயிலுக்குத்தானே என்பதும் கூடாது. விண்ணப்பம் இன்னும் போகவில்லை என்றால் இன்றே போட வேண்டும். போயிருந்தால் ரசீதோடு கூடலூர் மோட்டார் வாகன ஆய்வாளர் அலுவலகத்துக்கு நேரில் போய், கோப்பு எங்கே நிற்கிறது என்று கேட்டு, தாமதத்தின் காரணத்தை விளக்கி ஒரு கடிதம் கொடுத்து, அதன் பிரதியில் முத்திரையும் திகதியும் வாங்க வேண்டும். நீடிப்புக் கிடைக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். நீடிப்பு பெரும்பாலும் உடல் கட்டும் வாகனங்களுக்காக வைத்த ஏற்பாடு. எல்லாம் பொருத்தி முடித்த காருக்கு அது எளிதில் கிடைக்காது. ஆனாலும் எழுதிக் கேட்டது எழுத்தில் இருக்கட்டும்.

அலுவலகத்தில் காரைக் கொண்டுவந்து காட்டச் சொன்னால் என்ன செய்வது? அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர் விற்ற புது வாகனத்தை முதற்பதிவுக்காக நேரில் காட்டத் தேவையில்லை என்று திருத்தப்பட்ட 44ஆம் பிரிவு சொல்கிறது. அதை மரியாதையாக எடுத்துச் சொல்லலாம். அப்படியும் வெளி மாநிலத்தில் வாங்கியது என்பதால் பார்க்க வேண்டும் என்றால் வாதாடிக்கொண்டிருக்காமல், காரை ஏற்றிச் செல்லும் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்க் காட்டட்டும். அதற்கு ஆகும் வாடகை காரின் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அந்த வாடகைச் சீட்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கார் அன்று தெருவில் ஓடவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

தண்டத்தைப் பற்றி அவர் அலட்சியமாகப் பேசியதால் அதையும் சொல்லிவிடுகிறேன். பதிவு இல்லாமல் ஓட்டினால் 192ஆம் பிரிவின்படி முதல் முறை 2,000 ரூபாய்க்குக் குறையாமல் 5,000 வரை. மறுமுறை பிடிபட்டால் 5,000க்குக் குறையாமல் 10,000 வரை தண்டம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. 207ஆம் பிரிவின் கீழ் வாகனத்தையே பிடித்து வைக்கலாம். அப்படி நடந்தால் நீங்கள் பிள்ளைகளோடும் பெட்டிகளோடும் நடுவழியில் இறங்கி நிற்க வேண்டிவரும். நோயாளியை அவசரமாக ஏற்றிச் சென்றது போன்ற காரணங்களுக்கு மட்டும் சட்டம் விலக்குத் தருகிறது. அதையும் ஏழு நாளுக்குள் அதிகாரியிடம் அறிவிக்க வேண்டும். விமான நிலையத்துக்குச் சொந்தக்காரரை அழைக்கப் போவது அதில் சேராது. இவை தவிர, 2019இல் சேர்த்த 192பி பிரிவு இருக்கிறது: பதிவுக்கு விண்ணப்பிக்கத் தவறிய உரிமையாளருக்கு ஆண்டு வரியின் ஐந்து மடங்கு, அல்லது ஆயுள் கால வரியில் மூன்றில் ஒரு பங்கு, இரண்டில் எது கூடுதலோ அது. காருக்கு ஆயுள் கால வரி 90,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அதில் மூன்றில் ஒரு பங்கே 30,000 ரூபாய். 'தண்டம் கட்டிவிடலாம்' என்றவர் இந்தத் தொகையை நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார்.

பிடிபடமாட்டோம் என்ற எண்ணமும் இப்போது செல்லாது. புதிய விதிப்படி தற்காலிக இலக்கம் மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தில் இருக்கும். T என்ற எழுத்தும், அதன் பின் மாதத்தையும் ஆண்டையும் குறிக்கும் இலக்கங்களும் வரும். பதிவு எப்போது எடுத்தது என்பதைக் காரை நிறுத்தாமலேயே தகட்டில் வாசித்துவிடலாம். நீலகிரியிலோ 2024 மே மாதம் முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறை இருப்பதால் மலையேறும் சாவடிகளில் இலக்கத் தகட்டைப் பார்த்துத்தான் விடுகிறார்கள்.

நீங்களும் பிள்ளைகளும் காரில் இருக்கும்போது ஏதாவது நடந்தால் என்னவாகும் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கவலை மனதில் இருக்கும். இதுவரை சொன்னது காரின் சொந்தச் சேதத்தையும் திருட்டையும் பற்றியது. வீதியில் அடிபட்ட மூன்றாம் ஆளுக்கான கட்டாயக் காப்புறுதி வேறு கணக்கு. அவருக்குப் பணம் தராமல் தப்பிக்க நிறுவனம் சொல்லக்கூடிய காரணங்களை 150ஆம் பிரிவு பட்டியலாகத் தருகிறது. பதிவு இல்லாமை அந்தப் பட்டியலில் வெளிப்படையாக இல்லை. ஆனாலும் நிறுவனம் அதை எழுப்பும், வழக்கு நீளும், பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று உத்தரவு வந்தால் அந்தச் சுமையும் தம்பியின் மேல்தான் விழும். இந்த வழக்குக்காக நீங்கள் ஹட்டனிலிருந்து இந்திய நீதிமன்றத்துக்குச் சாட்சி சொல்லப் போய்வர முடியுமா என்பதையும் யோசியுங்கள்.

ஆகவே பயணத்தை நிறுத்த வேண்டாம், காரை மட்டும் நிறுத்துங்கள். திருச்சியிலிருந்து கோயம்புத்தூருக்கு ரயிலும் பஸ்ஸும் தாராளமாக இருக்கின்றன. அங்கிருந்து ஊட்டி வழியாகக் கூடலூருக்குப் பஸ் இருக்கிறது. சிறு பிள்ளைகள் இருந்தால் திருச்சியிலேயே வாடகைக் கார் பேசிக்கொள்ளுங்கள். தம்பிக்கு மனவருத்தமாக இருக்கும். புதுக் காரில் அக்காவின் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வர அவர் எவ்வளவு ஆசைப்பட்டிருப்பார் என்று தெரிகிறது. அதற்காகவாவது நீங்கள் கிளம்புவதற்குள் இலக்கத்தை எடுக்கச் சொல்லுங்கள். கடதாசிகளில் பிழை இல்லை என்றால் அது எட்டாத காரியம் அல்ல.

இலக்கம் கிடைத்தாலும் உடனே சாவியைத் திருப்ப வேண்டாம். தகடு காரில் பொருந்திய பிறகு, பதிவு எண்ணைக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுதி, 'புதியது' என்று இருந்த இடத்தில் எண்ணைச் சேர்த்துத் திருத்திய பத்திரத்தை வாங்கச் சொல்லுங்கள். நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன் அந்தத் திருத்திய பத்திரத்தையும் நிரந்தரப் பதிவுச் சான்றிதழையும் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, இரண்டிலும் அடிச்சட்ட எண் ஒன்றாக இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஒன்றாக இருந்தால் திருச்சிக்கு அவரையே வரச் சொல்லலாம்.